செக்ரோலா, கைக்காசா? ஒரு தோட்டக் குடும்பத்தின் கணக்கு

மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களில் இன்று இளையவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வசனம் ஒன்று உண்டு. "செக்ரோலில் பேர் இருந்து என்ன கண்டோம்? கைக்காசுக்குப் போனால் அன்றன்றைக்குக் கையில் காசு." ரத்தோட்டை, எல்கடுவ, கந்தேநுவர, உக்குவளை என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மூத்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். தோட்டப் பதிவு என்பது அவர்களுக்கு வேலை மட்டுமன்று. லயத்து அறையும், முகவரியும், ஒரு வகையில் அடையாளமும் அதுதான். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்புமே கணக்குப் பார்த்துப் பேசுவதில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

நிரந்தர வேலை, ஒப்பந்த வேலை, சுயாதீன வேலை, பகுதிநேர வேலை என்ற பாகுபாட்டைக் கொழும்பு அலுவலகங்களுக்கு உரியதென்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இந்த நான்கையும் ஒரே லயத்தின் ஒரே வரிசையில் காணலாம். செக்ரோலில் பேர் பதிந்த தொழிலாளி நிரந்தர ஊழியர். தேயிலைச் செடிகளைப் பொறுப்பேற்றுப் பராமரித்து, கொழுந்தைக் கம்பனிக்கே கொடுக்கும் குடும்பம் ஒப்பந்தக்காரர். கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குப் பறிப்பவரும், மிளகுக் காலத்தில் ஏணியோடு தோட்டம் தோட்டமாகச் செல்பவரும் சுயாதீனர். தோட்டத்தில் மூன்று நாளும் சிறுதோட்டக்காரரிடம் இரண்டு நாளும் வேலை செய்பவர் பகுதிநேரத்தவர். ஆகவே எது நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தக் குடும்பத்தில், எவருக்கு, எத்தனை மாத காலத்துக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

முதலில் நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபையின் மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அதையடுத்து, 1990களில் இருந்து சம்பளத்தைத் தீர்மானித்து வந்த கூட்டு ஒப்பந்த முறை கைவிடப்பட்டது. வேலை நாட்கள் குறைக்கப்படுவதாகத் தொழிற்சங்கங்கள் முறையிடத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக்கி, அதற்குமேல் அரசாங்கம் 200 ரூபா வருகை ஊக்கத்தொகை வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. இக்கட்டுரையின் கணக்குகளை நான் 1,350 ரூபாவை வைத்தே போடுகிறேன். தொகை மாறினாலும் கணக்கின் வழி மாறாது. வாசகர்கள் தத்தமது சம்பளச் சீட்டில் உள்ள தொகையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பேர் பதிந்த ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் அவருக்குக் கிடைப்பது 1,350 ரூபா மட்டுமன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில்தருநர் அவரது ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம் செலுத்த வேண்டும். அது 162 ரூபா. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம். அது 40 ரூபா 50 சதம். அடுத்தது பணிக்கொடை. தோட்டத்தில் இதனைச் சேவைக்காலப் பணம் என்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரியது. ஆண்டுக்கு 240 நாட்கள் வேலை செய்பவருக்கு அந்த 14 நாட் சம்பளத்தைப் பங்கிட்டால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 79 ரூபா வரும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பேரின் உண்மைப் பெறுமதி 1,631 ரூபா.

ஆனால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. தொழிலாளியின் பங்காக 8 சதவீதம், அதாவது 108 ரூபா, சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படுகிறது. 1,242 ரூபாதான் மிஞ்சும். சங்கச் சந்தா, முற்பணம் முதலிய கழிவுகள் அதற்கும் மேல். 1,631 ரூபாவுக்கும் 1,242 ரூபாவுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடுதான் இளையவர்களின் பேச்சுக்குக் காரணம். அவர்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பேசுகிறார்கள். தெரியாதது அவர்களது பெயரிலேயே வேறோர் இடத்தில் சேர்கிறது.

இனிக் கைக்காசைப் பார்ப்போம். கிலோவுக்கு 60 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து நிறைந்த நான்கு மாதங்களில் மாதத்துக்கு 22 நாட்கள், நாளுக்கு 35 கிலோ பறித்தால் நாளுக்கு 2,100 ரூபா. இதைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். நடுத்தரமான ஐந்து மாதங்களில் மாதத்துக்கு 18 நாட்கள், நாளுக்கு 25 கிலோ. நாளுக்கு 1,500 ரூபா. மாசி, பங்குனிபோல வெயில் கடுக்கும் மூன்று மாதங்களில் மாதத்துக்குப் பத்து நாட்கள், நாளுக்கு 12 கிலோ. நாளுக்கு 720 ரூபா. ஆண்டு முழுவதற்கும் 208 நாட்கள், 341,400 ரூபா. ஒரு நாளுக்குச் சராசரி 1,641 ரூபா.

இப்பொழுது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேர் பதிந்தவர் 240 நாட்கள் வேலை செய்தால் கையில் பெறுவது 298,080 ரூபா. கைக்காசுக்காரர் கையில் பெறுவது அதைவிட 43,320 ரூபா அதிகம். ஆனால் பதிவுக்காரரின் மறைந்த பங்கையும் சேர்த்தால் அவரது ஆண்டு வருமானம் 391,500 ரூபா; கைக்காசுக்காரரினதைவிட 50,100 ரூபா கூடுதல். நாட்கணக்கில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை கிடைக்கும் நாட்களின் எண்ணிக்கைதான் ஆண்டுக் கணக்கை மாற்றிவிடுகிறது.

ஆகவே இந்தத் தேர்வுக்கான முதலாவது அளவுகோல், தோட்டம் உங்களுக்கு எத்தனை நாட்கள் வேலை தருகிறது என்பதே. மேற்படி கணக்கின்படி, பதிவுக்காரருக்கு ஆண்டில் ஏறத்தாழ 208 நாட்கள், அதாவது மாதத்துக்கு 17 நாட்கள் வேலை கிடைத்தால் இரண்டு வழியும் சமமாகிவிடும். அதற்கு மேல் கிடைத்தால் பதிவே மேல். அதற்குக் கீழே போனால் பதிவின் அனுகூலம் தேயத் தொடங்கும். கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, அவற்றிலுள்ள பேர்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். அரைப்பேர்களை அரையாகவே கணக்கிடுங்கள். நிர்ணயித்த கிலோ பறிக்காததால் அரைப்பேராக வெட்டப்பட்ட நாட்கள் அதிகமென்றால், காகிதத்தில் உள்ள 1,350 ரூபா உங்களுக்குரிய சம்பளமாகாது. தோட்டம் தரும் வேலையும் தராசில் நிற்கும் கிலோவுமாகச் சேர்ந்து தீர்மானிக்கும் தொகையே உங்களுக்குரியது.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையைச் சுட்டிக்காட்ட வேண்டும். கைக்காசு என்றால் சேமலாப நிதி கிடையாது என்று எல்லாரும் எண்ணுகின்றனர். சில தோட்ட அலுவலகங்களும் அப்படியே சொல்லி அனுப்புகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் வருவதற்கு நிரந்தர நியமனம் தேவையில்லை. தற்காலிகத் தொழிலாளியும், நாளாந்தத் தொழிலாளியும், செய்த வேலையின் அளவுக்குக் கூலி பெறுபவரும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அதற்குள் அடங்குவர். தோட்டத்தின் மலையில், தோட்டத்துக் கங்காணியின் கீழ், தோட்டம் சொன்ன நேரத்தில் பறித்து, தோட்டத்தின் தராசில் நிறுத்துக் கொடுப்பவர் கிலோ கணக்கில் கூலி பெற்றாலும் ஊழியரே. கணக்கில் நான் கைக்காசுக்குச் சேமலாப நிதியைச் சேர்க்காமல் விட்டது நடைமுறையைக் காட்டுவதற்காகத்தான். உரிமை இல்லை என்பதற்காக அன்று. கைக்காசுக்குச் செல்பவர்கள் கொழுந்து நிறுத்த துண்டுகளைக் கசக்கி எறியாமல், நாள் குறித்து ஒரு கொப்பியில் ஒட்டிவைக்க வேண்டும். தொழில் திணைக்களத்தின் மாத்தளை அலுவலகத்தில் முறையிடச் செல்பவருக்கு வாய்ப்பேச்சைவிட அந்தக் கொப்பி உதவும்.

அதேவேளை, பதிவுக்காரர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சம்பளத்தில் கழித்த 8 சதவீதமும் தோட்டம் சேர்க்க வேண்டிய 12 சதவீதமும் உரிய காலத்தில் நிதியத்துக்குப் போய்ச் சேராத கதைகள் நமது நாட்டில் உண்டு. அரசாங்கத்துக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களின் நிலுவைகள் பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டிருக்கின்றன. சம்பளச் சீட்டில் கழிவு காட்டப்படுவது பணம் செலுத்தப்பட்டதற்கு அத்தாட்சி ஆகாது. சேமலாப நிதியின் கணக்குக் கூற்றில் ஒவ்வொரு மாதமும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. நிலுவை வைக்கும் தோட்டத்தில் மேற்சொன்ன 1,631 ரூபா என்ற தொகையை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

அடுத்தது ஒப்பந்தம். கடந்த சில ஆண்டுகளாகக் கம்பனிகள் வருமானப் பகிர்வு என்றும் வெளியார் உற்பத்தி முறை என்றும் இதனைப் பேசி வருகின்றன. தேயிலைச் செடிகளில் ஒரு பகுதி குடும்பத்தின் பொறுப்பில் விடப்படும். குடும்பம் புல் வெட்டி, உரமிட்டு, கவ்வாத்து முதலிய வேலைகளைப் பார்த்துப் பறித்துக் கொடுக்கும். கம்பனி கொழுந்துக்கு விலை போட்டு, தான் கொடுத்த உரத்துக்கும் மருந்துக்கும் உரிய தொகையைக் கழித்துக்கொள்ளும். இதை முற்றாக நிராகரிப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. பிரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. காலையில் வேறு வேலைக்குச் செல்லும் கணவன் மாலையில் வந்து கைகொடுக்கலாம். கைக்குழந்தை உள்ள தாய் தனக்கு வசதியான நேரத்தில் பறிக்கலாம். வீட்டில் வேலை செய்யக்கூடிய கைகள் மூன்று நான்கு இருந்தால் இது இலாபமாகவும் அமையலாம்.

ஆனால் இந்த முறையில் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கேட்காமல் கையொப்பமிடக் கூடாது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது நாடெங்கும் விளைச்சல் விழுந்தது. அப்படியான வேளையிலும் நாட்சம்பளக்காரர் வேலைக்குப் போன நாளுக்குச் சம்பளம் கோரலாம். செடிகளைப் பொறுப்பேற்ற குடும்பமோ கொழுந்து இல்லாவிட்டால் வருமானம் இல்லாமல் நிற்கும். கழிவு மாத்திரம் நிற்காது. மலையில் குளவி கொட்டினாலும் இதே வேறுபாடுதான். ஊழியருக்குத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. தன்னை ஒப்பந்தக்காரர் என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டவர், தாம் ஊழியரே என்பதை முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.

ஆகவே ஒப்பந்தக் காகிதத்தில் நான்கு விடயங்கள் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொழுந்து விலை எதை வைத்து, யாரால் நிர்ணயிக்கப்படுகிறது? உரம், மருந்து ஆகியவற்றுக்கான கழிவு மாதாமாதம் கணக்குக் காட்டப்படுமா? ஒப்பந்தத்தை நிறுத்துவதாயின் எத்தனை மாத முன்னறிவித்தல்? இதில் சேர்வதால் செக்ரோலில் உள்ள பேர் வெட்டப்படுமா, அல்லது தொடருமா? நான்காவது கேள்வியே முக்கியமானது. பேர் தொடரும் என்றால் ஒப்பந்தம் ஒரு மேலதிக வருமானம். பேர் வெட்டப்படும் என்றால் இருபது வருடச் சேவையை அங்கேயே முடித்துக்கொள்கிறீர்கள் என்பதே பொருள். அப்படியாயின் அதுவரையான பணிக்கொடையை உடனே கணக்கிட்டுக் கோருங்கள். வேலை முடிவடைந்து 30 நாட்களுக்குள் அதனைச் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இந்த அளவுகோல்களை ஒரு குடும்பத்தின் மீது பொருத்திப் பார்க்கலாம். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தைக்கு வயது 52. இருபத்து நான்கு வருடப் பதிவு. தாய்க்கு 47, இடையில் நின்றுவிட்டு மீண்டும் பேர் பதிந்து நான்கு வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன. மகனுக்கு 27, கொழும்பில் ஒரு கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். மருமகளுக்கு 24; கைக்காசுக்குப் பறிக்கிறார்; விரைவில் பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் உண்டு. வாராந்தம் தவணை கட்டும் கடன் ஒன்று வீட்டின் பேரில் இருக்கிறது. கையிருப்பு என்று சொல்லத்தக்கது ஒரு மாதச் செலவுக்குக் கூடக் காணாது.

தந்தை கைக்காசுக்கு மாறலாமா என்று கேட்கிறார். அவரது பணிக்கொடையைப் பாருங்கள். இருபத்து நான்கு வருடங்களை 14 நாட்களால் பெருக்கி, 1,350 ரூபாவால் பெருக்கினால் 453,600 ரூபா. இதிலுள்ள நுட்பம் என்னவென்றால், பணிக்கொடை கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தபோது அவர் விலகியிருந்தால் அதே இருபத்து நான்கு வருடங்களுக்கு 336,000 ரூபாதான் கிடைத்திருக்கும். நாட்சம்பளத்தின் ஒவ்வோர் உயர்வும் பழைய ஆண்டுகள் அனைத்துக்கும் சேர்த்தே உயர்த்தித் தருகிறது. 1,550 ரூபா சம்பளத்தில் விலகுபவருக்கு அது 520,800 ரூபாவாகிவிடும். நீண்ட சேவையுள்ளவர் சம்பள உயர்வு எதிர்பார்க்கப்படும் வேளையில் விலகுவது போன்ற நட்டம் வேறில்லை. தவிரவும் ஆண்களுக்கு 55 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். அவருக்கு மூன்று வருடமே மீதம். அவர் அசையக் கூடாது.

தாயின் விடயம் இன்னும் தெளிவானது. பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை பூர்த்தியாக வேண்டும். இன்னும் ஒன்பது மாதங்களில் அவருக்கு 94,500 ரூபா உரித்தாகிறது. இன்று விலகினால் ஒரு சதமும் இல்லை. கைக்காசில் ஆண்டுக்கு 43,000 ரூபா கூடுதலாகக் கையில் கிடைக்கும் என்ற கவர்ச்சி, இந்த ஒன்பது மாதங்களுக்குள் எந்த வகையிலும் அதை ஈடுசெய்யாது. அவருக்கு வயது 50 ஆகும்போது, பெண் என்ற வகையில் சேமலாப நிதியையும் பெறலாம். ஆகவே குறைந்தது ஐந்து வருடம் நிறையும்வரை தொடர்ந்து, அதன்பின் மீண்டும் யோசிக்கட்டும்.

மருமகளே மாற வேண்டியவர். ஆனால் எல்லாரும் சொல்லும் திசைக்கு எதிர்த்திசையில். கைக்காசிலிருந்து அவர் பதிவுக்குப் போக வேண்டும். மகப்பேற்று நன்மைச் சட்டத்தின் கீழ் 84 நாள் நன்மை பெறுவதற்கு, நாட்சம்பளக்காரப் பெண் பிரசவத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் அந்தத் தொழில்தருநரிடம் 150 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். கருவுற்ற பிறகு ஓடிப்போய்ப் பேர் பதிந்தால் அந்த 150 நாட்களை நிரப்புவது கடினம். மசக்கையிலும் மழையிலும் பத்து நாட்கள் தவறினால் எல்லை கடந்துவிடும். பிள்ளை பற்றிய எண்ணம் வந்தபோதே பேர் பதிவதுதான் புத்தி. தோட்டம் புதிய பதிவுகளை எடுக்க மறுத்தால், குறைந்தபட்சம் அதே தோட்டத்தில் இடைவிடாது வேலை செய்து, துண்டுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு சிறுதோட்டம் என்று அலைந்தால் எந்த இடத்திலும் 150 நிரம்பாது.

மகனின் நிலை வேறு. அவருக்குச் சேவைக்காலம் எதுவும் இல்லை. ஆகவே இழப்பதற்கும் எதுவும் இல்லை. குடும்பத்தில் இருவரோ மூவரோ செக்ரோலில் இருக்கும்போது, ஏற்ற இறக்கமுள்ள வருமானத்தை ஒருவர் தாங்கிக்கொள்ளலாம். மிளகு, கராம்பு பறிக்கும் காலத்தில் சிறுதோட்டக்காரரிடம் வேலை, மற்றக் காலத்தில் முச்சக்கரவண்டியோ மாத்தளை நெடுஞ்சாலையிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் தரகு அடிப்படையில் வழிகாட்டி வேலையோ, அல்லது தேயிலைச் செடிகளை ஒப்பந்தத்தில் பொறுப்பேற்பதோ அவருக்குப் பொருந்தும். பத்திரிகைத் துறையில் பிரதேச நிருபர்களை நான் முப்பது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பிரசுரமான செய்திக்கு மாத்திரம் கொடுப்பனவு பெறும் அவர்களில் நிலைத்து நின்றவர்கள், பெரும்பாலும் வீட்டில் மனைவியோ கணவனோ மாதச் சம்பளம் பெற்றவர்கள். சுயாதீனம் என்பது பல வேளைகளில் இன்னொருவரின் நிரந்தரத்தின்மீது நிற்கிறது. மகனும் அதனை நினைவில் வைத்து, நல்ல மாதத்தின் வருமானத்தில் ஒரு பங்கை மாசி, பங்குனிக்கென ஒதுக்க வேண்டும். தொழில்தருநர் இல்லாதவருக்குச் சேமலாப நிதி இல்லை. ஆனால் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் சுயதொழில் செய்பவர்களுக்கென்றே இருக்கின்றன. இளவயதில் சேர்ந்தால் கட்டும் தொகை சிறிதாக இருக்கும்.

மிஞ்சுவது கடன். வாராந்தத் தவணைக்கு மாசி மாதமும் ஒன்றுதான், கொழுந்து நிறைந்த மாதமும் ஒன்றுதான். மேலே பார்த்த கைக்காசுக் கணக்கில் ஒரு நல்ல மாதம் 46,200 ரூபா தருகிறது. வறட்சி மாதம் 7,200 ரூபா தருகிறது. நல்ல மாதத்தைப் பார்த்துக் கடன் எடுத்தவர், வறட்சியில் அதை அடைக்க இன்னொரு கடன் எடுக்கிறார். தோட்டப்புறங்களில் பெண்கள் நுண்கடனில் சிக்கிய கதைகளில் பலவற்றின் தொடக்கம் இதுவே. ஆகவே கடன் தீரும்வரை, தவணைக்குப் போதுமான தொகையாவது நிலையான சம்பளத்திலிருந்து வர வேண்டும். தவணை கட்டும் பொறுப்பைப் பதிவுக்காரர் ஏற்று, கைக்காசுப் பணத்தைக் கையிருப்பாக்குவதே முறை. நம்மவர்கள் பெரும்பாலும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருக்கும்வரை எவரும் எதுவும் கேட்பதில்லை. கடைசிப் பேரும் வெட்டப்பட்ட பின்னர்தான் கூரைத் தகரம் மாற்றுவதற்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தயக்கம் தொடங்குகிறது. காணியுரிமை கைக்கு வராத வரையில், ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவை விடுவது வருமானத்தை மாத்திரமன்றி வதிவிடத்தையும் பணயம் வைப்பதாகும்.

எனவே செக்ரோலா, கைக்காசா என்று தனி ஒருவர் கேட்பதைவிட, நமது வீட்டில் எவர் எதில் இருப்பது என்று குடும்பமாக இருந்து கேட்பதே சரி. ஐந்து வருட எல்லையை நெருங்குபவரும், நீண்ட சேவையுள்ளவரும், தாயாகவிருப்பவரும் பதிவில் இருக்கட்டும். சேவைக்காலம் இல்லாத, உடல் பலமுள்ள, கடன் பொறுப்பு இல்லாத ஒருவர் வெளியே போய்ச் சம்பாதிக்கட்டும். தோட்டம் மாதத்துக்குப் பதினேழு நாளுக்குக் குறைவாக வேலை தந்தால், பேரை வெட்டாமல் மீதி நாட்களில் வேறிடத்தில் உழைப்பதற்கு வழி தேடுங்கள். வேலை தரும் நாட்களில் வராமல் விடுவதும், வேலை தராத நாட்களில் வெளியே போவதும் ஒன்றல்ல.

தோட்டக் கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. நாட்சம்பளத்தின் தொகைக்காக மேடைகளில் நடந்த போராட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது, ஆண்டுக்கு எத்தனை நாட்கள் வேலை என்பதற்காக நடந்திருக்க வேண்டும். ஆயிரத்து எழுநூறு ரூபா என்றாலும் மாதத்துக்குப் பன்னிரண்டு நாட்களே வேலை என்றால், அந்த நிரந்தரம் பெயரளவில்தான் இருக்கும். இளையவர்கள் கைக்காசுக்குப் போகிறார்கள் என்று குறைகூறும் முன்னர், அவர்களது பெற்றோரின் சம்பளச் சீட்டில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.